நூறைத் தாண்டினால் என்ன? உணர்திறன் பகுப்பாய்வில் நூறு சதவீத விதி

நேரியல் திட்டமிடல் கணக்கு ஒன்றைத் தீர்த்து முடித்ததும் மென்பொருள் தருகிற உணர்திறன் அறிக்கையில், ஒவ்வொரு லாபக் கெழுவுக்கும் எதிரே இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். இப்போதைய உகந்த திட்டம் மாறாமல் அந்தக் கெழு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை அவை தெரிவிக்கின்றன. ஆனால் அந்த உறுதிமொழிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: இந்த ஒரு கெழு மட்டும்தான் அசைய வேண்டும், மற்றவை அனைத்தும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு பொருள்களின் லாபம் ஒரே வாரத்தில் மாறிவிட்டால், இரண்டு மாற்றங்களும் தத்தம் எல்லைக்குள் தனித்தனியே அடங்கியிருந்தாலும், திட்டம் நிலைக்கும் என்று அறிக்கை எங்குமே சொல்லவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் நூறு சதவீத விதி. விதியைப் பாடமாகப் படித்தவர்களுக்கு அதன் கூட்டல் நன்றாக நினைவிருக்கிறது. கூட்டுத்தொகை நூறைத் தாண்டும்போது அந்த விதி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதில்தான் பெரும்பாலான குழப்பமும் இருக்கிறது.

சிறிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டறை இரும்புப் பீரோவும் இரும்புக் கட்டிலும் செய்கிறது. ஒரு பீரோவுக்கு 2 மணி நேர வெல்டிங்கும் 1 மணி நேரப் பெயிண்ட் வேலையும் வேண்டும். ஒரு கட்டிலுக்கு 1 மணி நேர வெல்டிங்கும் 1 மணி நேரப் பெயிண்ட் வேலையும் போதும். வாரத்திற்கு வெல்டிங்குக்கு 100 மணி நேரமும் பெயிண்டுக்கு 70 மணி நேரமும் கிடைக்கின்றன. பீரோவுக்கான பூட்டு வாரத்திற்கு 45 மட்டுமே வருகிறது. மூலப்பொருள் செலவு போக ஒரு பீரோவில் 1900 ரூபாயும் ஒரு கட்டிலில் 1200 ரூபாயும் நிற்கின்றன. பீரோக்களின் எண்ணிக்கையை x என்றும் கட்டில்களின் எண்ணிக்கையை y என்றும் குறித்தால், 1900x + 1200y என்ற தொகையைப் பெரிதாக்க வேண்டும் என்பதே கணக்கு.

இதன் உகந்த தீர்வு 30 பீரோ, 40 கட்டில்; வார லாபம் 1,05,000 ரூபாய். வெல்டிங் நேரமும் பெயிண்ட் நேரமும் முழுமையாகத் தீர்ந்துவிடுகின்றன, பூட்டில் 15 மிஞ்சுகிறது. எக்செல் மென்பொருளின் சால்வரில் `Simplex LP` முறையைத் தேர்ந்து தீர்த்தால், அறிக்கையின் முதல் பகுதியில் கிடைக்கும் முக்கிய எண்கள் இவை:

```
      Final  Objective    Allowable  Allowable
      Value  Coefficient  Increase   Decrease
x      30      1900         500        700
y      40      1200         700        250
```

(முறையைத் தேர்வதில் தவறி `GRG Nonlinear` என்று விட்டுவிட்டால் இந்தக் கடைசி இரண்டு பத்திகளும் அறிக்கையில் வராது. அறிக்கையில் எல்லைகள் காணவில்லை என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.)

ஆகவே கட்டிலின் லாபம் 1200 ரூபாயிலேயே நிற்கும்வரை பீரோவின் லாபம் 1200 முதல் 2400 வரை எங்கே இருந்தாலும் திட்டம் மாறாது. பீரோவின் லாபம் 1900 ரூபாயிலேயே நிற்கும்வரை கட்டிலின் லாபம் 950 முதல் 1900 வரை எங்கும் இருக்கலாம். இப்போது பீரோவின் லாபம் 300 ரூபாய் கூடி, அதே சமயம் கட்டிலின் லாபம் 75 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். விதி சொல்லும் வேலை எளியது. ஒவ்வொரு மாற்றத்தையும் அது போகும் திசையில் அனுமதிக்கப்பட்ட அளவால் வகுக்க வேண்டும். பீரோவுக்கு 500-இல் 300, அதாவது 60 சதவீதம். கட்டிலுக்கு 250-இல் 75, அதாவது 30 சதவீதம். கூட்டினால் 90. நூறைத் தாண்டவில்லை என்பதால் 30 பீரோ, 40 கட்டில் என்ற திட்டம் அப்படியே உகந்ததாக நீடிக்கும். நீடிப்பது திட்டம்தான், லாபத் தொகை அல்ல. புதிய லாபங்களான 2200, 1125 ஆகியவற்றைக் கொண்டு பெருக்கினால் வார லாபம் 1,11,000 ரூபாயாகிறது.

இந்தக் கூட்டலிலேயே இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, மாற்றத்தை அனுமதிக்கப்பட்ட அளவால் வகுக்காமல் பழைய லாபத்தால் வகுப்பது. "சதவீத மாற்றம்" என்ற சொல்லை நாம் அன்றாடம் பயன்படுத்தும் பொருளில் எடுத்துக்கொள்வதால் வரும் தவறு இது. மற்றொன்று, கூடுவதற்கு நேர்க்குறியும் குறைவதற்கு எதிர்க்குறியும் போட்டு ஒன்றையொன்று கழித்துவிடுவது. பீரோ 350 ரூபாய் கூடி, கட்டில் 100 ரூபாய் குறையும் நிலையைப் பாருங்கள். பழைய லாபத்தால் வகுப்பவருக்கு 18.4-உம் 8.3-உம் சேர்ந்து 27-க்கும் குறைவாக வரும். குறியோடு கூட்டுபவருக்கு 70-இல் 40 போய் 30 வரும். இருவருமே கவலையில்லை என்று சொல்லிவிடுவார்கள். சரியான கூட்டுத்தொகை 70-உம் 40-உம் சேர்ந்த 110. அங்கே திட்டம் உண்மையாகவே கவிழ்கிறது என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

விதி ஏன் செல்லுபடியாகிறது என்பதற்கு மேட்ரிக்ஸ் எதுவும் தேவையில்லை, சராசரி எடுக்கத் தெரிந்தால் போதும். இப்போதைய திட்டத்துக்குப் போட்டியாக ஏதேனும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 45 பீரோ, 10 கட்டில் என்பது ஒரு நல்ல போட்டியாளர். இன்றைய லாபங்களில் அது 97,500 ரூபாய் தருகிறது, நம் திட்டம் 7,500 ரூபாய் முந்துகிறது. பீரோவை மட்டும் அதன் மேல் எல்லையான 2400-க்கு ஏற்றினால் இரு திட்டங்களும் 1,20,000 ரூபாயில் சமமாகின்றன. கட்டிலை மட்டும் அதன் கீழ் எல்லையான 950-க்கு இறக்கினால் இரண்டும் 95,000 ரூபாயில் சமமாகின்றன. எல்லை என்பதன் பொருளே அதுதான்: அதுவரை எந்தப் போட்டியாளரும் நம்மை முந்த முடியாது, எல்லையில் யாரோ ஒருவர் எட்டிப் பிடிக்கிறார்.

இனி 2200, 1125 என்ற புதிய லாப இணையைக் கவனியுங்கள். முதல் நிலையில் 10 சதவீதம், பீரோ எல்லையைத் தொட்ட நிலையில் 60 சதவீதம், கட்டில் எல்லையைத் தொட்ட நிலையில் 30 சதவீதம் என்று மூன்றையும் கலந்தால் கிடைப்பது சரியாக அந்த இணைதான். பீரோவுக்கு 190, 1440, 570 ஆகியவை சேர்ந்து 2200 வருகிறது. கட்டிலுக்கு 120, 720, 285 ஆகியவை சேர்ந்து 1125 வருகிறது. லாபம் கெழுக்களுடன் நேர்கோட்டில் மாறுவதால், நம் திட்டம் போட்டியாளரை முந்தும் தொகையும் அதே விகிதத்தில்தான் கலக்கும்: 7,500-இல் 10 சதவீதம், பூச்சியத்தில் 60, பூச்சியத்தில் 30. ஆக 750 ரூபாய். நேரே கணக்கிட்டுப் பார்த்தாலும் 1,11,000-க்கும் 1,10,250-க்கும் உள்ள வித்தியாசம் 750-தான். வேறு எந்தப் போட்டியாளரை எடுத்தாலும் மூன்று நிலைகளிலும் அது நம்மை முந்தாது. முந்தாத மூன்று நிலைகளின் சராசரியிலும் அது முந்த முடியாது. கூட்டுத்தொகை நூறுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்காக என்பதும் இங்கேயே தெரிகிறது. இன்றைய நிலைக்கு மிச்சம் விடப்படும் பங்கு, நூறிலிருந்து அந்தக் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது. அது எதிர்க்குறிக்குப் போய்விட்டால் அதற்குச் சராசரி என்று பெயரில்லை.

கணிதத்தில் இதைச் சொல்வதானால், இப்போதைய திட்டம் உகந்ததாக இருக்கும் லாப இணைகள் அனைத்தும் சேர்ந்து ஒரு குவிவுக் கணமாக அமைகின்றன என்பதே இதன் உள்ளடக்கம். 1977-இல் ஸ்டீபன் பிராட்லி, அர்னால்டோ ஹாக்ஸ், தாமஸ் மக்னாண்டி ஆகிய மூவரும் எழுதிய பாடநூல் இந்த விதியை இந்தப் பெயரிலேயே விளக்குகிறது.

மேற்கண்ட நிரூபணம் ஒரு திசையில் மட்டுமே ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டுத்தொகை நூறுக்குள் இருந்தால் திட்டம் நிலைக்கும். நூறைத் தாண்டினால்? சராசரி வாதம் கையை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். திட்டம் மாறும் என்று விதி சொல்லவில்லை, மாறாது என்றும் சொல்லவில்லை. ஒரே 110 சதவீதத்தில் இரண்டு விதமான முடிவுகளை நம் பட்டறையிலேயே காட்டலாம்.

முதலாவது, சற்று முன் விட்டுவந்த நிலை: பீரோ 350 கூடி 2250, கட்டில் 100 குறைந்து 1100. பழைய திட்டம் 1,11,500 ரூபாய் தருகிறது. 45 பீரோ, 10 கட்டில் என்ற திட்டமோ 1,12,250 ரூபாய் தருகிறது. திட்டம் மாறிவிட்டது. பைத்தானில் மூன்று வரியில் இதைச் சரிபார்க்கலாம்:

```python
from scipy.optimize import linprog
A, b = [[2,1],[1,1],[1,0]], [100,70,45]
print(linprog([-2250,-1100], A_ub=A, b_ub=b).x)
```

விடை 45, 10 என்றே வரும். இரண்டாவது நிலையில் பீரோ 300 கூடி 2200 ஆகிறது, கட்டில் 350 கூடி 1550 ஆகிறது. 500-இல் 300 என்பது 60 சதவீதம், 700-இல் 350 என்பது 50 சதவீதம், மீண்டும் 110. அதே நிரலில் எண்களை மாற்றி ஓட்டினால் 30, 40 என்ற பழைய திட்டமே திரும்பி வருகிறது.

இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று விட்டுவிட வேண்டியதில்லை. இரு மாறிகள் கொண்ட இந்தக் கணக்கில் திட்டம் நிலைப்பதற்கான முழு நிபந்தனையையே எழுதிவிடலாம்: பீரோவின் லாபம் கட்டிலின் லாபத்துக்குக் குறையாமலும், அதன் இரு மடங்கைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இவை இரண்டு சுவர்கள். பீரோ அளவுக்கு மீறிக் கூடினால் இடிப்பது "இரு மடங்கு" என்ற சுவரில். கட்டில் அளவுக்கு மீறிக் குறைந்தாலும் இடிப்பது அதே சுவரில்தான். ஆகவே பீரோ ஏறிக் கட்டில் இறங்கும்போது இரண்டு மாற்றங்களும் ஒரே சுவரை நோக்கி நடக்கின்றன, ஒன்று விட்டுவைத்த இடத்தைத்தான் மற்றொன்று எடுத்துக்கொள்ள முடியும். அந்தத் திசையில் விதி துல்லியமானது: நூறுக்குள் என்றால் நிலைக்கும், நூறைத் தாண்டினால் கட்டாயம் கவிழும். பீரோ இறங்கிக் கட்டில் ஏறும் திசையிலும் இதே கதைதான், சுவர் மட்டும் வேறு.

இரண்டும் ஏறும்போது நிலைமை தலைகீழ். பீரோவின் 500 ரூபாய் எல்லை ஒரு சுவரிலிருந்து வந்தது, கட்டிலின் 700 ரூபாய் எல்லை எதிர்ச் சுவரிலிருந்து வந்தது. பீரோ ஏறினால் அது இரு மடங்குச் சுவரை நெருங்குகிறது. கட்டில் ஏறினால் அந்தச் சுவரை விட்டு விலக்கிக்கொண்டு வருகிறது. ஒன்று மற்றொன்றின் நெருக்கடியைத் தணிக்கும் இந்த இடத்தில், விதியோ இரண்டையும் ஒரே கணக்கில் செலவாக எழுதிக் கூட்டுகிறது. லாபம் இரண்டும் ஒன்றரை மடங்கானால், அதாவது 2850-உம் 1800-உம் ஆனால், விதியின் கூட்டுத்தொகை 275-ஐயும் தாண்டும். ஆனால் லாபங்களின் விகிதம் துளியும் மாறவில்லை, எனவே திட்டம் மாறக் காரணமே இல்லை. ரூபாயை டாலராக எழுதினாலும் திட்டம் மாறாது என்பது போன்ற சாதாரண உண்மையைக்கூட இந்த விதியால் கண்டுகொள்ள முடியாது.

## இரும்பு விலை ஏறும்போது

இதைக் கணிதத்தின் ஓரத்தில் கிடக்கும் ஒரு குறும்பு என்று தள்ள முடியாது. கெழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே மாறுவது அரிது. பெரும்பாலும் ஒரு பொதுக் காரணம்தான் பலவற்றை ஒன்றாக இழுக்கிறது. பட்டறையில் அந்தக் காரணம் இரும்புத் தகட்டின் விலை. ஒரு பீரோவுக்கு 40 கிலோவும் ஒரு கட்டிலுக்கு 20 கிலோவும் இரும்பு போகிறது என்றும், விற்பனை விலையை உடனே கூட்ட முடியாது என்றும் கொள்வோம். கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பீரோவின் லாபம் 400 குறைந்து 1500 ஆகும், கட்டிலின் லாபம் 200 குறைந்து 1000 ஆகும். விதிப்படி 700-இல் 400 என்பது 57 சதவீதம், 250-இல் 200 என்பது 80 சதவீதம், கூட்டினால் 137. விதி வாய்மூடிவிடுகிறது. ஆனால் 1500 என்பது 1000-க்கும் 2000-க்கும் இடையில் நிம்மதியாக இருக்கிறது.

எதுவரை விலையேற்றத்தைத் திட்டம் தாங்கும் என்று இரு வழிகளிலும் கேட்டுப் பார்க்கலாம். கிலோ விலை t ரூபாய் ஏறினால் விதியின் கூட்டுத்தொகை 40t/700 + 20t/250 ஆகும். இது நூறு சதவீதத்தை எட்டும்போது t ஏறத்தாழ 7.3 ரூபாய். இனி உண்மை நிபந்தனைக்குப் போவோம். லாபங்கள் 1900 − 40t, 1200 − 20t. இரு மடங்குச் சுவர் இந்தப் பாதையில் குறுக்கே வருவதே இல்லை, ஏனென்றால் கட்டிலின் இரு மடங்கான 2400 − 40t எப்போதும் பீரோவைவிட 500 ரூபாய் மேலேயே இருக்கிறது. மற்றச் சுவரைத் தொட 700 − 20t பூச்சியமாக வேண்டும், அது 35 ரூபாயில் நிகழ்கிறது. 7.3 ரூபாய்வரை மட்டுமே விதி உறுதி தருகிறது. திட்டமோ 35 ரூபாய்வரை தாங்குகிறது. 35 ரூபாயில் விதியின்படி கூட்டினால் 480 சதவீதம் வரும்.

பொதுக் காரணம் தெரிந்திருக்கும்போது நூறு சதவீத விதியைத் தேடிப் போவதே வீண் என்பது என் கருத்து. காரணத்தையே ஒரு மாறியாக வைத்து, மேலே செய்தது போல ஒரே பாதையில் நடந்து பார்ப்பதுதான் சரியான கேள்விக்கான சரியான விடை. இதைத்தான் அளபுரு நேரியல் திட்டமிடல் என்கிறார்கள். காரணம் தெரியாதபோது, அல்லது மாதிரியின் கோப்பு கையில் இல்லாமல் அச்சிட்ட அறிக்கை மட்டும் மேசையில் இருக்கும்போது விதி தன் வேலையைச் செய்கிறது: கணினியைத் தொடாமல் ஒரு நிச்சயமான "நிலைக்கும்" என்ற பதிலைப் பெற்றுத் தருகிறது. கோப்பு கையில் இருந்து, கூட்டுத்தொகையும் நூறைத் தாண்டிவிட்டால், மறுபடி தீர்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

## வலப்பக்க எண்களுக்கு

வெல்டிங் மணி, பெயிண்ட் மணி போன்ற கட்டுப்பாடுகளின் வலப்பக்க எண்களுக்கும் அதே கூட்டல்தான், ஆனால் அது தரும் உறுதிமொழி வேறு. கெழுக்கள் மாறும்போது விதி திட்டத்தைக் காக்கிறது, லாபம் மாறுகிறது. வலப்பக்கம் மாறும்போது திட்டத்தின் எண்ணிக்கைகள் எப்படியும் மாறும். விதி காப்பது நிழல் விலைகளை, அதாவது ஒரு வளம் ஓர் அலகு கூடினால் லாபம் எவ்வளவு உயரும் என்ற தொகைகளை. நம் கணக்கில் ஒரு மணி நேர வெல்டிங்கின் நிழல் விலை 700 ரூபாய், ஒரு மணி நேரப் பெயிண்டின் நிழல் விலை 500 ரூபாய். வெல்டிங் 15 மணி கூடலாம், 30 மணி குறையலாம். பெயிண்ட் 30 மணி கூடலாம், 15 மணி குறையலாம்.

வெல்டிங்கில் 10 மணி கூடிப் பெயிண்டில் 3 மணி குறைந்தால் கூட்டுத்தொகை 67-உம் 20-உம் சேர்ந்து 87. எனவே நிழல் விலைகளை நம்பலாம்: 7,000 கூடி 1,500 குறைந்து லாபம் 5,500 ரூபாய் உயரும். புதிய திட்டம் 43 பீரோ, 24 கட்டில். அதன் லாபம் 1,10,500 ரூபாய் என்று சரியாகவே பொருந்துகிறது. வெல்டிங்கில் 12 மணி கூடிப் பெயிண்டில் 6 மணி குறைந்தால் கூட்டுத்தொகை 120. நிழல் விலையை நம்பி 8,400-இல் 3,000 போக 5,400 ரூபாய் உயர்வு என்று எழுதினால், 1,10,400 ரூபாய் வரும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அந்த எதிர்பார்ப்புக்கு 48 பீரோ செய்தாக வேண்டும், பூட்டு 45-தான் இருக்கிறது. உண்மையில் முடிவது 45 பீரோ, 19 கட்டில். லாபம் 1,08,300 ரூபாய். 2,100 ரூபாய் இடிக்கிறது. மறுபக்கம், வெல்டிங்கில் 20 மணியும் பெயிண்டில் 10 மணியும் ஒன்றாகக் கூடினால் கூட்டுத்தொகை 167 ஆகிறது, ஆனாலும் 40 பீரோ, 40 கட்டில் என்ற திட்டம் 1,24,000 ரூபாய் தந்து நிழல் விலையின் கணிப்போடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகிறது. சுவர்களின் கதை இங்கும் அதேதான்.

லாபக் கெழுக்களும் வலப்பக்க எண்களும் ஒரே சமயத்தில் மாறினால் இரண்டையும் ஒரே கூட்டலில் போடக் கூடாது. திட்டத்தின் அமைப்பு, அதாவது எந்தப் பொருள்களைச் செய்வது, எந்த வளங்களை முழுதும் தீர்ப்பது என்ற தேர்வு, நிலைக்க இரண்டு தனி நிபந்தனைகள் உண்டு: ஒன்று கெழுக்களை மட்டும் பொறுத்தது, மற்றொன்று வலப்பக்கத்தை மட்டும் பொறுத்தது. இரண்டு கூட்டுத்தொகைகளும் தனித்தனியே நூறுக்குள் இருந்தால் அமைப்பு நிலைக்கும். ஆனால் கெழுக்கள் மாறிவிட்டதால் நிழல் விலைகளும் மாறியிருக்கும்; அறிக்கையில் அச்சான பழைய 700-ஐயும் 500-ஐயும் அங்கே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. ஒரு பீரோவுக்கு எத்தனை மணி நேர வெல்டிங் என்பது போன்ற உள்ளெண்கள் மாறினால் இந்த விதி எதையும் சொல்லாது. எண்ணிக்கைகள் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்ட கணக்குக்கும் இது பொருந்தாது.

## கூட்டவே தேவையில்லாத இடம்

விதியை மிகையாகப் பயன்படுத்துவதும் உண்டு. பட்டறை செய்யக்கூடிய, ஆனால் இப்போது செய்யாத இரண்டு பொருள்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு ரேக்குக்கு வெல்டிங் 1 மணி, பெயிண்ட் 1 மணி, லாபம் 900 ரூபாய். ஒரு பெஞ்சுக்கு வெல்டிங் 1 மணி, பெயிண்ட் அரை மணி, லாபம் 550 ரூபாய். நிழல் விலைகளில் மதிப்பிட்டால் ஒரு ரேக் 1200 ரூபாய் மதிப்புள்ள நேரத்தையும், ஒரு பெஞ்ச் 950 ரூபாய் மதிப்புள்ள நேரத்தையும் தின்கின்றன. ஆகவே ரேக்கின் லாபம் 300 ரூபாயும் பெஞ்சின் லாபம் 400 ரூபாயும் கூடும்வரை இரண்டும் திட்டத்துக்குள் வரா. ரேக் 270 ரூபாயும் பெஞ்ச் 320 ரூபாயும் ஒன்றாகக் கூடினால் 90-உம் 80-உம் சேர்ந்து 170 சதவீதம். ஆனாலும் இங்கே ஐயமே இல்லை, திட்டம் நிலைக்கும். செய்யப்படாத ஒரு பொருளின் லாபம் நிழல் விலையைத் தொடுவதில்லை. எனவே ரேக் தன் 1200-ஐத் தாண்டுகிறதா என்ற கேள்வியும் பெஞ்ச் தன் 950-ஐத் தாண்டுகிறதா என்ற கேள்வியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. மாறுகிறவை அனைத்தும் திட்டத்தில் பூச்சியமாக நிற்கும் பொருள்களின் கெழுக்களாக இருந்தால், ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அத்தகைய பொருளின் லாபம் குறைந்தால் அனுமதிக்கப்பட்ட அளவு `1E+30` என்று அச்சாகியிருக்கும். அது முடிவிலி என்பதற்கு எக்செல் எழுதும் வடிவம், கூட்டலில் அதன் பங்கு பூச்சியம்.

## மூன்று கோடுகள் ஒரே புள்ளியில்

கடைசியாக, அறிக்கையின் எண்களே ஏமாற்றக்கூடிய நிலை ஒன்று உண்டு. பூட்டு வரத்து வாரத்துக்கு 45 என்பதற்குப் பதிலாகச் சரியாக 30 என்று வைத்துப் பாருங்கள். 30 பீரோ, 40 கட்டில் என்பதே இப்போதும் உகந்த திட்டம். ஆனால் வெல்டிங், பெயிண்ட், பூட்டு ஆகிய மூன்று கோடுகளும் அந்த ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. இரண்டு கோடுகளே ஒரு புள்ளியைத் தீர்மானிக்கப் போதும் என்பதால், எந்த இரண்டைக் கொண்டு இந்தப் புள்ளியை அடையாளப்படுத்துவது என்பதில் மென்பொருளுக்கு ஒரு தேர்வு இருக்கிறது. வெல்டிங்கையும் பெயிண்டையும் எடுத்துக்கொண்டால் பீரோவின் லாபத்துக்கு மேல் எல்லை 2400 என்று அச்சாகும். பெயிண்டையும் பூட்டையும் எடுத்துக்கொண்டால் மேல் எல்லையே இல்லை என்று அச்சாகும். இரண்டாவதே உண்மை நிலைமை: பூட்டு 30-க்கு மேல் இல்லாதபோது பீரோவின் லாபம் எவ்வளவு ஏறினாலும் 31-வது பீரோவைச் செய்ய முடியாது.

முதல் வகை அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் 2250, 1100 என்ற லாபங்களுக்கு 110 சதவீதம் என்று கூட்டிக் கையை விரிப்பார். இரண்டாவது வகை அறிக்கையில் பீரோவின் ஏற்றத்துக்குப் பங்கு பூச்சியம், கட்டில் பூச்சியம் வரை குறையலாம் என்பதால் அதன் பங்கு 1200-இல் 100, சுமார் 8 சதவீதம். திட்டம் நிலைக்கும் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டுமே விதியைச் சரியாகப் பயன்படுத்தியவைதான். இரண்டும் தவறான உறுதியைத் தரவில்லை. முதலாவது தேவைக்கு மேல் அஞ்சுகிறது. அறிக்கையின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இதற்கான அடையாளம் இருக்கும்: ஒரு வளம் முழுதும் தீர்ந்திருக்கும், ஆனால் அதன் நிழல் விலை பூச்சியமாக இருக்கும், அனுமதிக்கப்பட்ட ஏற்றத்திலோ இறக்கத்திலோ ஒன்று பூச்சியமாக இருக்கும். அந்தத் திசையில் வலப்பக்கம் துளி மாறினாலும் வகுக்க வேண்டிய எண் பூச்சியம் என்பதால் கூட்டலையே தொடங்க முடியாது. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அந்த அறிக்கையின் மற்ற எல்லைகளையும் குறைந்தபட்ச உறுதி என்ற அளவிலேயே எடுத்துக்கொண்டு, மாறிய எண்களைப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும்.